கீல் ஓடிக்கொண்டிருந்தது

எனக்குக் கோபம் வந்தால் கணக்குப் போடுவேன். மற்றவர்கள் பாத்திரத்தை உருட்டுவார்கள், கதவை அறைந்து சாத்துவார்கள். நான் ஒரு வெள்ளைத்தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு, எதிராளி சொன்னது தப்பு என்று எண்களால் நிரூபிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன். இந்தக் குணத்தால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை. அலுவலகத்தில் அதையே திறமை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்ப்பது ஒரு சின்னத் தொழிற்சாலை. பெரிய கம்பெனிகளுக்கு வேண்டிய மூடிகள், சாய்வு மேடைகள், இயந்திரக் கதவுகள் செய்து கொடுப்போம். வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. என் கையெழுத்து விழாமல் ஒரு தாளும் கீழே ஷெட்டுக்குப் போகாது. அந்தக் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அப்போது பதினைந்து வருடமாக நான் பார்த்துவிட்ட ஒரு பொருளும் உடைந்து திரும்பி வந்திருக்கவில்லை.

நாங்கள் செய்ததில் பாதிக்கு மேல் கீல் வைத்த பொருட்கள். அதற்கென்றே கணினியில் ஒரு கணக்குப் பட்டியல் வைத்திருந்தேன். எடை, உயரம், சாய்வு மூன்றையும் போட்டால், கீலைச் சுற்றிய திருப்புவிசை எவ்வளவு, எந்தப் பக்கம் என்று வந்துவிடும். கீலையே புள்ளியாக வைத்துக்கொண்டால் கீலில் விழும் விசைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை அந்தப் புள்ளி வழியாகவே போவதால் திருப்ப முடியாது. கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தெரியாத இரண்டு விசைகளை ஒரே வரியில் தொலைத்துவிடலாம்.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு புது ஆர்டர் வந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஒரு மோட்டார் டிராலி. ரப்பர் மாதிரியான யூரிதேன் பூசிய சக்கரங்களில் தரையில் ஓடும். அதன் மேல் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் ஒரு இரும்பு ஃபிரேம். அதில் தகடுகளைச் செங்குத்தாக அடுக்கி ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். தகடு ஏற்றுவதற்காக ஃபிரேமைப் படுக்க வைக்கலாம். ஏற்றியதும் கிரேனில் தூக்கி நிமிர்த்தினால், அடியில் இருக்கும் கீலில் திரும்பி, ஐந்து டிகிரி பின்பக்கமாகச் சாய்ந்து ஒரு தாங்கியில் போய் உட்காரும். பின்பக்கம் என்றால் டிராலி போகும் திசைக்கு எதிர்ப்பக்கம். தாங்கியோடு சேர்த்துப் பிடிக்க, குறுக்கே செருகும் இரும்பு முளையாக ஒரு பூட்டுப் பின்னும் முதல் வரைபடத்தில் இருந்தது.

பின்னை எடுக்கச் சொன்னது ஷெட்டின் தலைமை ஃபிட்டர். மண்ணூர்பேட்டைக்காரர், என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். நான் அண்ணே என்பேன், அவர் மேடம் என்பார். மாதிரிக்குப் பூட்டிப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார்.

"மேடம், இந்தப் பின்னு இன்னாத்துக்கு? ஃபிரேமை எறக்க சொல்ல எவனாவது கழட்ட மறந்துட்டான்னு வெச்சுக்க, கிரேன் இழுக்குற இழுப்புல பின்னும் வளையும், தாங்கியும் பிச்சுகினு வந்துரும். ரெண்டு தபா ஆயிப்போச்சு. அதோட வெயிட்டுதான் பின்னாடி சாஞ்சிகினு கீதே, அது எங்க போவப்போவுது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பட்டியலைத் திறந்து எண்களைப் போட்டேன். எடை ஃபிரேமைத் தாங்கியின் மேல் நன்றாகவே அழுத்திக்கொண்டிருந்தது. வழக்கம்போல எடையை ஒன்றரை மடங்காக்கிப் பார்த்தேன். இன்னும் நன்றாக அழுத்தியது. சிவப்புப் பேனாவால் பின்னை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கீழே போய் அவரே கயிறு கட்டி, இரண்டு பேரை விட்டு முன்பக்கம் இழுக்கச் சொல்லிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த டிராலியில் ஃபிரேம் அசையவில்லை. "மலை மாரி கீது மேடம்" என்று கீழிருந்தே கத்தினார். நானும் சிரித்தேன்.

இதைக் கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர். வேறு கம்பெனியிலிருந்து அந்த ஆண்டுதான் எங்களிடம் வந்து சேர்ந்த டிசைனர், தென்காசிப் பக்கத்து ஆள். கள்ளிக்குப்பத்தில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். பேசினால் மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு பேசுவார். எனக்கு அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எரிச்சல்.

முதல் ஓட்டம் வைத்திருந்த அன்று காலை அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், எமர்ஜென்சி பட்டனை அமுக்கினா தாங்கி விசை மைனஸ்ல வருது."

"மைனஸ்ன்னா?"

"தாங்கி ஃபிரேமை இழுத்துப் புடிக்கணும்னு அர்த்தம். தாங்கிக்குத் தள்ளத்தானே தெரியும், இழுக்கத் தெரியாதுல்லா. அப்ப ஃபிரேம் தாங்கியை விட்டுக் கிளம்பிரும். முன்னாடி விழும்."

தாளை வாங்கிப் பார்த்தேன். அவர் கீலைப் புள்ளியாக எடுக்கவில்லை. ஃபிரேமின் எடைமையத்தைப் புள்ளியாக வைத்திருந்தார். அதனால் கீலில் கிடையாக ஒரு விசை, செங்குத்தாக ஒரு விசை, தாங்கியில் ஒன்று என்று மூன்று தெரியாத எண்களைப் போட்டு, அரைப் பக்கத்துக்கு இழுத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றி வளைத்து மூக்கைத் தொட்டதோடு குறியையும் எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார், பிரேக் எங்க பிடிக்குது? டிராலியில. டிராலி ஃபிரேமை எங்க பிடிச்சிருக்கு? கீல்ல. பிரேக்கோட விசை கீல் வழியாத்தான் ஃபிரேமுக்கு வரும். கீலைச் சுத்தி அதுக்குத் திருப்புவிசை பூஜ்யம். பிறகு எது ஃபிரேமைத் திருப்பும்? பேயா?"

பக்கத்து மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கீலும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு மேடம். பிரேக் போட்டா கீலுக்கும் வேகம் குறையுது. அப்படிப்பட்ட புள்ளியில சும்மா திருப்புவிசையை மட்டும் எழுதினா சரியா வருமா?"

"பதினைந்து வருஷமா வருது."

அவர் தாளைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்தச் செய்கைதான் என் கோபத்தைக் கிளறியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைத்தாளை எடுத்தேன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மூன்றாவது புள்ளியை வைத்துக் கணக்குப் போட்டு, அவருடைய மைனஸை அவர் மேஜையிலேயே கொண்டுபோய் வைப்பது என்று முடிவு செய்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே ஷெட்டில் கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயாராகும் சத்தம் கேட்டது. எங்கள் ஷெட்டில் எந்த வண்டி முதலில் ஓடினாலும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஓடும். முதலாளியும் வருவார்.

நான் தேர்ந்தெடுத்த புள்ளி டிராலியில் இல்லை. ஷெட்டில் ஒரு தூண் இருக்கிறது. அதில் கீலின் உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்ததாக நினைத்துக்கொண்டேன். அசையாத புள்ளி. கீல் அதைக் கடந்து போகும் அந்தக் கணத்தில் எமர்ஜென்சி பட்டனை அமுக்குகிறோம். பிரேக்கின் கிடைவிசை இந்தப் புள்ளி வழியாகவும் போகிறது. அதற்கு இங்கேயும் திருப்புவிசை இல்லை. இதுவரை நான் சொன்னதுதான் சரி. திருப்தியாகத் தேநீரை ஒரு வாய் குடித்தேன்.

அடுத்த வரி கோண உந்தம், அதாவது அந்தப் புள்ளியைச் சுற்றிய ஓட்டத்தின் அளவு. ஃபிரேம் சுழலவில்லை, ஆகவே பூஜ்யம் என்று எழுதப்போனேன். பேனா நின்றுவிட்டது. ஃபிரேம் சுழலாவிட்டாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் எடைமையம் என் புள்ளிக்கு மேலே ஒன்றரை மீட்டரில், நிமிடத்துக்கு நாற்பது மீட்டர் வேகத்தில் முன்னால் போகிறது. அசையாத தூணிலிருந்து பார்த்தால் அதற்குக் கோண உந்தம் இருக்கிறது, முன்பக்கம் கவிழும் திசையில். நிறை, வேகம், உயரம் மூன்றின் பெருக்கல். டிராலியோடு சேர்ந்து ஓடும் கீலில் உட்கார்ந்து பார்த்ததால் பதினைந்து வருடமாக அது என் கண்ணில் படவில்லை. படவேண்டிய அவசியமும் இருந்ததில்லை, ஏனென்றால் நான் அதுவரை பார்த்த கீல்கள் எல்லாம் தரையில் போல்ட் போட்டு இறுக்கியவை.

எமர்ஜென்சி பட்டனை அமுக்கினால் டிராலி கால் நொடியில் நிற்கும். அந்தக் கால் நொடிக்குள் இந்தக் கோண உந்தம் முழுவதும் போயாக வேண்டும். யார் எடுப்பது? பிரேக்கால் முடியாது, அதன் விசை புள்ளி வழியாகப் போகிறது. தாங்கியால் முடியாது, அது முன்பக்கம் மட்டும்தான் தள்ளும். பின்பக்கம் இழுப்பது ஃபிரேமின் எடை ஒன்றுதான். ஐந்து டிகிரி சாய்வில் அந்த எடை தரக்கூடிய திருப்புவிசை, தேவைப்படுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதிக் கோண உந்தம் எங்கேயும் போகாது. ஃபிரேமிலேயே சுழற்சியாக நிற்கும். எவ்வளவு தூரம் சுழலும் என்று பார்த்தேன். ஐந்து டிகிரியைத் தாண்டி, செங்குத்தைத் தாண்டி, முன்பக்கம் போய்விடும்.

கீலை வைத்தே திரும்பப் போட்டேன். கீல் வேகம் குறைவதால் வரும் அந்த ஒரு உறுப்பை, நிறை பெருக்கல் கீலின் முடுக்கம் பெருக்கல் எடைமையத்தின் உயரம் என்பதை, சமன்பாட்டில் சேர்த்தேன். அவருடைய எண்ணே வந்தது. எடைமையத்தை வைத்தாலும் அதே எண். எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒரே விடைதான் வரும். என் விடை மட்டும் வேறாக இருந்ததற்கு, நான் ஓடுகிற புள்ளியை நிற்கிற புள்ளியாக நினைத்ததுதான் காரணம். எடையை ஒன்றரை மடங்காக்கி நான் பார்த்த பாதுகாப்பும் வெறும் கண்துடைப்பு. எடை கூடினால் கவிழ்க்கும் பக்கமும் அதே அளவு கூடும்.

சாதாரணமாக நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்பதையும் போட்டுப் பார்த்தேன். ஓட்டும் பட்டனிலிருந்து விரலை எடுத்தால் டிராலி இரண்டு நொடியில் மெல்ல நிற்கும். அதற்கு எடையே போதும். நூறு தடவை ஓட்டினாலும் ஃபிரேம் தாங்கியை விட்டு அசையாது. ஏதாவது ஆபத்து என்று யாராவது அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அமுக்கும் அன்றைக்குத்தான் கவிழும். அதை எப்போது அமுக்குவார்கள்? டிராலிக்கு முன்னால் ஆள் நிற்கும்போது.

கீழே கைதட்டல் கேட்டது.

எங்கள் ஃபிட்டர் எந்த டிராலியையும் முன்னால் நின்றுதான் ஓட்டுவார். கேபிளில் தொங்கும் பட்டன் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, சுமையைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார். பின்னால் வருகிறவனுக்குச் சக்கரம் தெரியாது என்பது அவர் வாதம். ஷெட்டில் எல்லோரும் அவரைப் பார்த்து அப்படியே பழகியிருந்தார்கள். அவருடைய எண்ணுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. பூஜைக்கு நிற்கும்போது போனை லாக்கரில் வைத்துவிடுவார்.

டிசைனர் தன் மேஜையில்தான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் ஓடி வந்திருப்பார். அவரைத் தாண்டிப் போனேன். அந்த நேரத்திலும் எனக்கு வெட்கம் பெரிதாக இருந்தது.

படியிறங்கி, மழைத்தண்ணீர் தேங்கிய முற்றத்தைத் தாண்டி ஓடினேன். ஓடும்போது எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்திருந்தது. கத்தக்கூடாது. கிட்டே போய், ஓட்டும் பட்டனிலிருந்து விரலை எடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை நான்கு தடவை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஷெட் வாசலுக்கு வந்தபோது டிராலி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரேமில் தகடுகள் நிறைய இருந்தன, மேல் விளிம்பில் ஒரு மல்லிகைச் சரம். முதலாளியும் மற்றவர்களும் பக்கவாட்டில் சுவரோரமாக நின்றார்கள். முன்னால் அவர் மட்டும், சட்டையில் குங்குமத்தோடு, பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். இடது கையைத் தூக்கி, வாங்க மேடம் என்பதுபோலச் சிரித்தார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நிறுத்துங்க! அண்ணே, நிறுத்துங்க!"

அவர் நல்ல தொழிலாளி. யார் நிறுத்து என்று கத்தினாலும், ஏன் என்று கேட்காமல் சிவப்புப் பட்டனை அமுக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். அமுக்கினார். சக்கரங்கள் தரையைப் பிடித்துக் கிறீச்சிட்டன. டிராலி நின்றுவிட்டது. ஃபிரேம் நிற்கவில்லை. தாங்கியிலிருந்து மெல்லக் கிளம்பி நேராக நிமிர்ந்தது. நிமிர்ந்த நிலையில் மிக மெதுவாகத்தான் நகர்ந்தது. பிறகு முன்னால் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, பெட்டியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தார். உடம்பு தப்பியது. இடது பாதம் தப்பவில்லை.

தகடுகள் விழுந்த சத்தம் அடங்கவே வெகுநேரம் ஆனது. அவர் கத்தியது அதற்குப் பிறகுதான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். விசாரணை என்று நாலைந்து நாள் நடந்தது. பூட்டுப் பின் இல்லாததே காரணம், சரிபார்த்ததில் தவறு என்று எழுதினார்கள். சரிதான். கையெழுத்து என்னுடையது, நான் மறுக்கவில்லை. வேலையைவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். முதலாளி கேட்கவில்லை. கடைசி நேரத்தில் கணக்கைக் கண்டுபிடித்து ஓடிவந்து எச்சரித்தது நீங்கள்தானே, எப்படியும் கவிழ இருந்த ஃபிரேம், நீங்கள் கத்தியிருக்காவிட்டால் ஆள் அடியிலேயே போயிருப்பான் என்றார். ஷெட் முழுவதும் அதையே சொன்னது. ஃபிட்டரின் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உங்க வாயாலதான் அவரு உசுரோட கீறாரு" என்று அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்திருக்க வேண்டும்.

டிசைனர் மட்டும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். விசாரணை முடிந்த பிறகு, மாடிப்படியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க கத்துறதுக்கு முன்னாடி அவரு எந்தப் பட்டன்ல விரல் வச்சிருந்தாரு மேடம்?"

"ஓட்டுற பட்டன்ல."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த ஆண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஃபிட்டர் இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட், நட்டு எடுத்துக் கொடுக்கிறார். விசேஷமாகச் செய்த ஷூவோடு கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும், நான் அந்தப் பக்கம் போகும்போது கூப்பிட்டு நிறுத்துவார்.

"தோ, இவங்கதான். அன்னிக்கு இவங்க ஓடியாந்து கத்தலேன்னு வெச்சுக்க, நா இங்க குந்திகினு உங்கிட்ட பேசிகினு இருக்க மாட்டேன். இன்னா மேடம்?"

நான் சரிண்ணே என்பேன். வேறு என்ன சொல்ல? நான் மாடியிலேயே உட்கார்ந்திருந்தால் அவர் ஷெட்டின் கோடிவரை ஓட்டிப் போயிருப்பார். பட்டனிலிருந்து விரலை எடுத்திருப்பார். டிராலி இரண்டு நொடியில் நின்றிருக்கும். ஃபிரேம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். சாயங்காலம் இரண்டு காலோடு மண்ணூர்பேட்டைக்கு நடந்து போயிருப்பார், மறுநாள் காலை நான் பின்னைத் திரும்பப் போடச் சொல்லியிருப்பேன். இதை இதுவரை அவரிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வேன் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நான் ஸ்டோருக்குப் போகும்போதெல்லாம் எழுந்து நின்று தன் நாற்காலியை எனக்குக் கொடுக்கிறார், நான் அதில் உட்காருகிறேன்.